நாலு படமும் நிஜம்தான், ஆனால்…

கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்கும் வேலை விடியலிலேயே முடிந்துவிடும். அதன்பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண் புத்தகத்தோடு என் திண்ணைக்கு வருவாள். பன்னிரண்டாம் வகுப்பு, நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்தில் விடை இருந்தால் மடமடவென்று போடுகிற பெண், நான்கு விடைகளும் குட்டிக் குட்டி வரைபடங்களாக இருந்தால் மட்டும் தடுமாறினாள். "எல்லாம் கோடுதானே டீச்சர், எது பார்க்க நல்லா இருக்கோ அதைப் போட்டுடுவேன்" என்றாள். சரியாகப் போட்டால் 4 மதிப்பெண், தவறினால் கையிலிருக்கும் 1 போகும் தேர்வில் இது ஆபத்தான பழக்கம்.

அவளுக்குக் கொடுத்த கணக்கையே சொல்கிறேன். ஒரு பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம், திரும்பி வரும்போது அதே உயரத்தில் பிடிக்கிறோம். காற்றின் தடை இல்லை. மேல்நோக்கிய திசை நேர்க்குறி. திசைவேகம் நேரத்தோடு எப்படி மாறும்? விடையாக நான்கு படங்கள்.

அவள் கை நேராக மூன்றாவது படத்துக்குப் போனது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஏறி இறங்கும் வளைவு. பந்தும் ஏறி இறங்குகிறதே, அதனால்! நிறையப் பிள்ளைகள் விழுவது இந்தக் குழியில்தான். பந்து போகும் பாதையின் உருவத்தை வரைபடத்தில் தேடுகிறார்கள்.

"விடையைச் சொல்லாதே. ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று மட்டும் வாயால் சொல்லு" என்றேன். கோடு எங்கே தொடங்குகிறது, நேராகப் போகிறதா வளைகிறதா, நடு அச்சைத் தொடுகிறதா தாண்டுகிறதா, எங்கே முடிகிறது. அவ்வளவுதான்.

முதல் படம்: மேலே தொடங்கி, நேர்கோடாக இறங்கி, நடுவில் அச்சைத் தாண்டி, அதே அளவு கீழே போய் முடிகிறது. இரண்டாவது: மேலே தொடங்கி அச்சைத் தொட்டு, திரும்ப மேலேயே ஏறுகிறது, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி. மூன்றாவது: அச்சில் தொடங்கி, வளைந்து ஏறி இறங்கி அச்சிலேயே முடிகிறது. நான்காவது: அச்சுக்குக் கீழே படுத்துக் கிடக்கும் கோடு.

மூன்றாவதைச் சொல்லும்போதே அவள் நிறுத்தினாள். "அச்சில் தொடங்கினா ஆரம்பத்தில் திசைவேகம் பூஜ்யமா டீச்சர்? நாமதான் 20-ல எறிஞ்சோமே?" எறிந்த கணத்திலேயே 20 இருக்க வேண்டும். மூன்றாவது படம் அங்கேயே விழுந்துவிட்டது.

பிறகு எண்களைப் போட்டோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், ஒவ்வொரு விநாடியும் 10 குறையும். தொடக்கத்தில் 20, பிறகு 10, இரண்டாவது விநாடியில் 0, அடுத்து கழித்தல் 10, நான்காவதில் கழித்தல் 20. உச்சியில் பந்து ஒரு கணம் நின்றாலும் ஈர்ப்பு நிற்பதில்லை. அதனால் கோட்டின் சாய்வு எங்கேயும் மாறாது. 'வி' வடிவம் உச்சியில் சட்டென்று திரும்புகிறது, அதுவும் போயிற்று. முதல் படம்தான் விடை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மற்ற மூன்று படங்களும் பொய்யில்லை! அதே பந்தின் உயரத்தை வரைந்தால் மூன்றாவது படம் வரும். திசையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் வரைந்தால் இரண்டாவது. முடுக்கத்தை வரைந்தால் நான்காவது. கேள்வி தயாரிப்பவர்கள் கெட்டிக்காரர்கள், உண்மைகளையே பொறியாக வைக்கிறார்கள். ஆகவே, நின்ற அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அவள் சொன்ன விவரம் போதுமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல, படத்தைப் பார்க்காமல் நான் சிலேட்டில் வரைவேன். என் கோடு வேறு ஒரு விடையோடும் பொருந்தினால் ஏதோ விட்டுப் போயிருக்கிறது. "கோடு இறங்குது" என்று மட்டும் சொன்னால், அச்சோடு நிற்கிறதா தாண்டுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

180 நிமிடத்தில் 180 கேள்விகள். எல்லாப் படத்தையும் முழுசாக விவரிக்கத் தேர்வறையில் நேரம் இருக்காது. பழகியபின் அவள் தொடக்கத்தையும் நடுவையும் மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். பெரும்பாலும் இரண்டு படங்கள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பியும் வருகிறான். 9 முதல் 12-ம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறான். அதில் கண்ணாடி பிம்பக் கேள்விகள் உண்டு. 3.40 காட்டும் கடிகாரம் கண்ணாடியில் 8.20 போலத் தெரியும். இரண்டு படங்களில் பெரிய முள் 4-ல் இருந்தது. ஒன்றில் சின்ன முள் சரியாக 8-ன் மேல், இன்னொன்றில் கொஞ்சம் தள்ளி. அவன் இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இருபது நிமிஷம் ஆயிடுச்சுல்ல டீச்சர், சின்ன முள் எட்டுலயே உட்கார்ந்திருக்குமா?"