ஹம்மும் ஒரு மூட்டை அரிசியும்

அரிசி ஆலைகளில் 25 கிலோ மூட்டை நிரப்பும் எந்திரங்களுக்கு எடைப் பலகை செய்து கொடுப்பது என் தொழில். லோட்செல் சிக்னலோடு ஒட்டிக்கொண்டு வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை விரட்ட, ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் மட்டும் வைத்துக் கட்டும் ட்வின்-டி ஃபில்டரையே இன்னும் கையாள்கிறேன். ஒரே சிப்பில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். பதில் ஹம் எவ்வளவு ஆழமாக அடங்குகிறது என்பதில் இல்லை. அடக்கியபின் சிக்னல் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது.

கணக்கைச் சொன்னால் புரியும். 50 கிலோ தாங்கும் லோட்செல், வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரக்கூடியது. அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் 25 கிலோவுக்கு 5 மில்லிவோல்ட் வரும். அதை 200 மடங்கு பெருக்கினால் 1 வோல்ட். அப்படியென்றால் ஒரு கிராமுக்கு 40 மைக்ரோவோல்ட்தான். பக்கத்தில் எலிவேட்டர் மோட்டாரும் பாலிஷர் மோட்டாரும் ஓடும் இடத்தில், பெருக்கிய சிக்னல்மேல் 40 மில்லிவோல்ட் ஹம் ஏறி நிற்பது சாதாரணம். அது இருபுறமும் ஒரு கிலோ ஆட்டம்.

ஃபில்டரைத் தொடுவதற்கு முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும். ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா, லோட்செல் ஒயர் மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பார்த்துச் சரிசெய்தாலே பாதி அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் ஃபில்டர். அதையும் பெருக்கிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் லோட்செல்லின் இரண்டு ஒயர்களுக்கும் தனித்தனியே கட்ட வேண்டியிருக்கும். அந்த இரண்டும் அச்சாக ஒத்துப்போகாவிட்டால், பெருக்கி தானாகவே கழித்துவிட்டிருக்கும் பொது ஹம்முக்கும் நாமே வழி திறந்து விட்டதாகும்.

இனி வேகம். மூட்டை நிரம்பும்போது முதலில் பெரிய வாய் திறந்து அரிசி கொட்டும். கடைசிக் கட்டத்தில் வாய் சுருங்கி, நொடிக்கு 250 கிராம் அளவில் மெல்ல விழும். 25 கிலோ ஆனதும் கதவு மூட வேண்டும். ஹம்மை நூறில் ஒரு பங்காகக் குறைக்க ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட சாதாரண லோ-பாஸ் வைத்தால், அதன் எல்லையை 0.5 ஹெர்ட்ஸில் போட வேண்டும். தாமதம் 318 மில்லிநொடி. அதற்குள் 80 கிராம் அரிசி மூட்டைக்குள் விழுந்துவிடும். இரண்டு அடுக்கு லோ-பாஸ் வைத்து ஒவ்வொன்றையும் 5 ஹெர்ட்ஸில் போட்டால் தாமதம் 64 மில்லிநொடி, 16 கிராம். ட்வின்-டியில் அது 13 மில்லிநொடிக்கும் குறைவு, 3 கிராம்தான். தாமதம் தெரிந்ததுதானே, கழித்துக்கொள்ளலாமே என்றால், கழிக்கலாம்தான். ஆனால் மேலே தொட்டியில் அரிசி குறையக் குறைய, ஈரப்பதம் மாற மாற, விழும் வேகமும் மாறும். தாமதம் பெரிதாக இருந்தால் அந்த மாறுதலும் பெரிதாகத் தெரியும்.

ட்வின்-டியை 1930-களில் பெல் ஆய்வகத்தில் ஆகஸ்டாட் என்பவர் கண்டுபிடித்தார். சிக்னல் இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஒரு பாதையில் வரிசையாக இரண்டு ரெசிஸ்டர், அவற்றின் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு இரட்டிப்பு மதிப்புள்ள கெபாசிட்டர். மற்றதில் வரிசையாக இரண்டு கெபாசிட்டர், நடுவிலிருந்து கிரவுண்டுக்குப் பாதி மதிப்புள்ள ரெசிஸ்டர். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் முதல் பாதை வழியே வரும் மின்னோட்டம் 45 டிகிரி பின்தங்கும், இரண்டாவது 135 டிகிரி முந்தும். இரண்டும் ஒரே அளவு, நேரெதிர் திசை. கூடும் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த அதிர்வெண்:

```
f = 1 / (2πRC)
```

50 ஹெர்ட்ஸுக்கு ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் பெருக்கினால் 3.183 மில்லிநொடி வர வேண்டும். கடையில் கிடைக்கும் மதிப்புகளில் 68 கிலோஓமும் 47 நானோஃபாரடும் 49.8 ஹெர்ட்ஸைத் தருகின்றன. பலர் 33 கிலோஓமும் 100 நானோஃபாரடும் போடுவார்கள். அது 48.2 ஹெர்ட்ஸில் போய் உட்காரும், 50 ஹெர்ட்ஸ் ஹம்மில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு தப்பிவிடும். 68-ம் 47-மும் ஏட்டில் ஐந்நூறில் ஒரு பங்குவரை இறக்கும்.

ஏட்டில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முழுதாக அழிய இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும். ஒன்று அளவு சமமாக இருப்பது, மற்றது திசை நேரெதிராக இருப்பது. கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டர் மட்டும் 5 சதவீதம் தவறினாலும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும், நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஹம் மிஞ்சும். நம் பலகையில் அது 9 கிராம். எனவே மதிப்பு துல்லியமாக இருப்பதைவிட, எல்லாம் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். இரட்டிப்பு கெபாசிட்டர் என்று தனியாகத் தேடாமல் அதே 47 நானோவில் இரண்டை இணையாக வைப்பேன். பாதி ரெசிஸ்டரும் அப்படியே, அதே மதிப்பில் இரண்டு இணையாக. ஆக மொத்தம் ஒரே மாதிரி நாலு கெபாசிட்டர், ஒரே மாதிரி நாலு ரெசிஸ்டர்.

கெபாசிட்டர் பாலியெஸ்டர் ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும். சாதாரண செராமிக் வெப்பத்துக்கும் வோல்ட்டேஜுக்கும் மதிப்பு மாறுவது போதாதென்று, அதிர்ந்தால் தானே மின்னழுத்தம் உண்டாக்கும். ஆலையில் அதிராத இடம் ஏது? ஒரே பட்டையிலிருந்து ஒரு கை நிறைய வாங்கி மீட்டரில் அளப்பேன். 47 என்று அச்சிட்டிருந்தாலும் பட்டை முழுவதும் 46.1 பக்கமே நிற்பதுண்டு. அதில் குறை ஒன்றுமில்லை. ஒத்த நாலைப் பொறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு 68 கிலோஓமோடும் 1 கிலோஓமை வரிசையாகச் சேர்த்தால் 69 கிலோஓம். அது 50.03 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து விடும். ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போதும்.

இன்னும் இறக்க வேண்டுமென்றால் இரண்டு பிரீசெட் தேவை. கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரில் ஒன்று, வரிசை ரெசிஸ்டர் ஒன்றில் இன்னொன்று. சிறு டிரான்ஸ்பார்மரின் 6 வோல்ட்டைக் குறைத்து உள்ளே கொடுத்து, வெளியே ஆசிலோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இரண்டையும் மாறி மாறித் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் ஓர் அளவுக்குமேல் இறங்காமல் நின்றுவிடும், அப்போது மற்றதைத் தொட வேண்டும். அடிமட்டம் வந்துவிட்டதை அலையின் உருவம் காட்டிக்கொடுக்கும். 20 மில்லிநொடிக்கு ஒரு மேடாக இருந்தது மறைந்து, அதே இடத்தில் மூன்று சிறு மேடுகள் தெரியும். அது 150 ஹெர்ட்ஸ், மின்வாரியத்தின் அலையே சுத்தமான சைன் அலை அல்ல என்பதால் உள்ளே ஏற்கெனவே இருந்தது. ட்வின்-டி அதைப் பாதியாகக்கூடக் குறைப்பதில்லை. மல்டிமீட்டரை மட்டும் நம்பித் திருப்புகிறவருக்கு இது தெரியாது. எண் இறங்காமல் நிற்பதைப் பார்த்து ஃபில்டரைக் குறை சொல்வார்.

அடுத்து, இந்த ஃபில்டருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது. உள்ளே இருக்கும் இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 136 கிலோஓம். அதை நேராக மைக்ரோகன்ட்ரோலரில் கொடுத்தால் ஹம் அழிவது அழியும், அந்தச் சமநிலையை லோடு கெடுப்பதில்லை. ஆனால் எடையே குறைந்து தெரியும். நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் வேண்டும். கைக்குக் கிடைக்கும் எல்எம்358 இங்கே ஆகாது. அதன் உள்ளீடு இழுக்கும் 20 நானோஆம்பியர் 136 கிலோஓமில் 2.7 மில்லிவோல்ட் ஆகிவிடும். அது கிட்டத்தட்ட 70 கிராம். டேர் போட்டால் மறையும், ஆனால் மதிய வெயிலில் பலகை சூடேறும்போது நகர்ந்துவிடும். எம்சிபி6002 போல உள்ளீட்டில் பிக்கோஆம்பியர் அளவே இழுப்பதைப் போட்டால் அந்தக் கவலை இல்லை. அதன் உள்ளீட்டுக் கால்வரை போகும் ஒயர் நீளமாக இருந்தால் அதுவே ஆன்டெனா ஆகும். சோதிக்க வழி எளிது. ஃபில்டரின் உள்ளீட்டை கிரவுண்டோடு சேர்த்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஹம் தெரிந்தால் அது ஃபில்டருக்குப் பின்னால் நுழைகிறது, எத்தனை பிரீசெட் திருப்பினாலும் போகாது.

இந்த ஃபில்டர் அகலமானது. ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸிலிருந்து 212 ஹெர்ட்ஸ்வரை எல்லாவற்றையும் கடிக்கும். இசிஜி போல அந்த எல்லைக்குள்தான் சேதியே இருக்கும் சிக்னலுக்கு இது உதவாது. அதற்கு ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்துப் பள்ளத்தைக் குறுக்குவார்கள். எடைப் பலகையில் நான் அதைச் செய்வதில்லை. பள்ளம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு அதிர்வெண்ணின் சிறு நகர்வும் வலிக்கும். அகலமாகவே விட்டுவிட்டால், மின்தொகுப்பு 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நகரும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஹம் மிஞ்சும்.

மின்வெட்டு நேரம் வேறு. ஆலையின் டீசல் ஜெனரேட்டர் லோடு குறைவாக இருக்கும்போது 52 ஹெர்ட்ஸ்வரை ஓடும். அங்கே ஐம்பதில் ஒரு பங்கு தப்பும், 20 கிராம். கரண்ட் இருக்கையில் அசையாமல் நின்ற எடை ஜெனரேட்டரில் ஆடுகிறது என்று ஆலைக்காரர் போன் செய்தால், நான் லோட்செல்லைக் கழற்றச் சொல்வதில்லை. இதற்கு மைக்ரோகன்ட்ரோலரில் மில்லிநொடிக்கு ஒன்றாக எடுத்த கடைசி இருபது அளவுகளின் சராசரியை எடுக்கிறேன். 20 மில்லிநொடிச் சராசரி 52 ஹெர்ட்ஸில் மிஞ்சியதை இன்னும் இருபத்தாறில் ஒரு பங்காக்கும், 150 ஹெர்ட்ஸையும் சேர்த்துத் துடைக்கும். சராசரி மட்டும் போதுமே என்றால், ஜெனரேட்டரில் 40 மில்லிவோல்ட்டின் இருபத்தாறில் ஒரு பங்கு 38 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஒரு கிராமுக்கும் குறைவு. சராசரி கூட்டும் தாமதம் ஏறக்குறைய 10 மில்லிநொடி. ஃபில்டருடையதையும் சேர்த்தால் 23. மெல்ல விழும் அரிசியில் 6 கிராம்.