வாரத்துக்கு எத்தனை மெசேஜ்?

போன பதிவுல, தோட்டத்துப் பழத்தை வாட்ஸ்அப் வழியா கோயமுத்தூருக்கு நேரா விக்கிறேன்னு எழுதியிருந்தேன். அதப் படிச்சுட்டு நாலஞ்சு பேர் ஒரே கேள்வியக் கேட்டாங்க. "விலை குறைச்சுத் தர்றப்ப எத்தனை தடவ மெசேஜ் அனுப்புவீங்க, ஆளுங்க ஓடிப் போயிடமாட்டாங்களா?"ன்னு. கேட்டவங்கள்ல ரெண்டு பேர் ஊர்ல சொந்தமா கடை வச்சிருக்கறவங்க. அதனால கணக்கோடவே சொல்றேன்.

நமக்கு கோபி பக்கம் மூணு ஏக்கர், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பூவன் வாழை, கொஞ்சம் நிலக்கடலை, வரப்புல தென்னை. இதை வாங்கறதுக்குன்னு 212 குடும்பம் இருக்கு. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேர் வரைக்கும்தான் சேர்க்க முடியும். அதோட நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும். அவங்க பதில் எழுதினா நமக்கு மட்டும் வரும், மத்தவங்களுக்குத் தெரியாது. குரூப்புல இந்த வசதி இல்லீங்க.

பிடிக்கலைன்னா யாரும் சண்டைக்கு வர்றதில்ல. சத்தமில்லாம மியூட் பண்ணிடுவாங்க, இல்லைன்னா ஆர்க்கைவ்ல தள்ளிடுவாங்க. ரொம்ப எரிச்சலானா பிளாக். எங்க பங்காளி ஒருத்தர் நாட்டுக்கோழி முட்டை விக்கிறார். தினம் காலைல வணக்கம் படம், மத்தியானம் விலை, சாயங்காலம் "சீக்கிரம் முந்துங்கள்". எட்டு மாசத்துல அவர் லிஸ்ட்ல பாதிப் பேருக்கு ஒத்தை டிக்கோட நிக்குது. ஒரு வாரம் தாண்டியும் ஒத்தை டிக்காவே நின்னா, பெரும்பாலும் ஒண்ணு பிளாக் பண்ணியிருப்பாங்க, இல்லைன்னா நம்ம நம்பர் அவங்க போன்ல இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்த ஆள் நம்ம கைய விட்டுப் போனதாத்தான் கணக்கு.

நான் ஆவணியில ஒரு சோதனை பண்ணுனேன். 212 பேரையும் ரெண்டா பிரிச்சு 106, 106ன்னு ரெண்டு லிஸ்ட் போட்டேன். முதல் லிஸ்டுக்கு புதன்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ். ரெண்டாவது லிஸ்டுக்கு திங்கள், புதன், வெள்ளின்னு மூணு. வெள்ளிக்கிழமை போறதுல மீதமுள்ள பழத்துக்கு விலைக் குறைப்பு. எல்லாருக்கும் சனிக்கிழமை ஒரே வண்டிதான். இப்படியே ஆறு வாரம்.

முதல் வாரம் ரெண்டாவது லிஸ்ட்தான் முந்துச்சு. முதல் லிஸ்ட்ல 24 ஆர்டர், அதுல 31. வீட்டம்மா, "பாத்தீங்களா, நாலு தடவ சொன்னாத்தான் காதுல ஏறும்"னாங்க. மூணாவது வாரம் 24க்கு 27. ஆறாவது வாரம் முதல் லிஸ்ட் 25லயே நின்னுது, ரெண்டாவது 17க்கு இறங்கிப் போச்சு. ஒத்தை டிக்கோட நின்னுபோனவங்க முதல் லிஸ்ட்ல ரெண்டு பேர், ரெண்டாவதுல ஒன்பது பேர்.

மூணாவது வாரத்தை மட்டும் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும், அங்கதான் விஷயமே இருக்கு. மேலோட்டமா பாத்தா மூணு மெசேஜ் அனுப்புன லிஸ்ட் 27 ஆர்டரோட ஜெயிச்ச மாதிரி இருக்கு. ஒரு ஆர்டர் சராசரியா ரெண்டு கிலோ. கிலோ 45 ரூபாய், வெள்ளிக்கிழமை குறைப்புல 38. முதல் லிஸ்ட்ல 24 ஆர்டர், 48 கிலோ, எல்லாம் முழு விலை: 2,160 ரூபாய். ரெண்டாவது லிஸ்ட்ல 27 பேர்ல 16 பேர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்து வாங்குனாங்க. அவங்க 32 கிலோவுக்கு 1,216 ரூபாய், மிச்சம் 11 பேர் 22 கிலோவுக்கு 990. ஆக 2,206. கூடுதலா ஆறு கிலோ பழம் குடுத்து, கூடுதலா வந்தது 46 ரூபாய்.

சரவணம்பட்டி அக்கா ஒருத்தங்க போன்லயே சொல்லிட்டாங்க. "அண்ணா, எப்படியும் வெள்ளிக்கிழமை குறைப்பீங்கன்னு தெரியும், அப்புறம் எதுக்கு புதன்கிழமையே சொல்லணும்?" நியாயமான பேச்சுதான், அவங்க இடத்துல நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன். ஆனா எனக்கு வேற ஒரு சிக்கல் இருக்கு. புதன்கிழமை ஆர்டரை வச்சுத்தான் எத்தனை தார் வெட்டறதுன்னு முடிவு பண்றது. பாதிப் பேர் வெள்ளிக்கிழமைக்கு நகந்துட்டா அந்தக் கணக்கே தெரியாது. அதிகமா வெட்டிட்டு, மீந்ததை மறுபடி குறைச்சு விக்கணும்.

அதனால இப்ப எல்லாருக்கும் வாரம் ஒண்ணு, புதன்கிழமை சாயங்காலம். பழத்துக்கு அது சரி, ஒரு வாரத்துல வீட்டுல தீந்துரும். செக்கு எண்ணெய்க்கு வேற கணக்கு. நாலு பேர் இருக்கற வீட்டுல மாசம் மூணு லிட்டர் செலவாகும். அவங்களுக்கு வாராவாரம் எண்ணெய் விலை சொன்னா என்ன பிரயோஜனம்? மாசத்து முதல் புதன்கிழமை, அதே பழ மெசேஜுக்குக் கீழ ரெண்டு வரி. தனியா அனுப்பறதில்ல.

கிழமை தப்பி அனுப்பறதுக்கு ஒரே ஒரு காரணம்தான் வச்சிருக்கேன். அடுத்த புதன் வரைக்கும் சரக்கு தாங்காதுன்னா மட்டும். சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை காத்தடிச்சு அறுபது மரம் சாஞ்சுது, தார் முக்கால் விளைச்சல்ல இருந்துச்சு. அன்னிக்கே அனுப்புனேன்: காத்துல சாஞ்ச மரத்துப் பழம், காய் கொஞ்சம் சின்னது, 180 கிலோ இருக்கு, கிலோ 25, செவ்வாய்க்கிழமை வண்டி. காரணத்தை நேரா சொன்னதால யாரும் அதத் தள்ளுபடியா நெனைக்கல. திங்கள் மத்தியானமே தீந்துபோச்சு. தீந்ததை எல்லாருக்கும் அறிவிக்காம, கேட்டவங்களுக்கு மட்டும் பதில் போட்டேன். அந்த வாரப் புதன் மெசேஜையும் விட்டுட்டேன், ஒரு வாரத்துக்கு ஒண்ணுங்கற கணக்கு அப்பத்தான் நிக்கும்.

ரொம்பக் குறைச்சு அனுப்பறதும் ஆகாது. பழமே இல்லாத மாசத்துலயும் மூணு வாரத்துக்கு ஒருக்கா தோட்டத்துப் படம் ஒண்ணு, அடுத்த தார் எப்ப வெட்டுவோம்னு ஒரு வரி போகும். நாலு மாசம் பேச்சே இல்லைன்னா, புது போன் வாங்கறவங்க நம்ம நம்பரை விட்டுடறாங்க. அப்புறம் நாம என்ன அனுப்பினாலும் போய்ச் சேராது.

அக்கா பையன், "மாமா, சேனல் ஆரம்பிங்க, 256 தொல்லை இல்ல"ன்னான். ஆரம்பிச்சிருக்கேன். ஆனா சேனல்ல பின்தொடர்றவங்கள்ல நம்ம போன்ல சேவ் பண்ணாதவங்க நம்பர் நமக்குத் தெரியாது. யார் விலகிப் போனாங்கன்னும் சேனல் சொல்லாது. சேந்த உடனே அவங்க போன்ல சத்தமும் வராது, அவங்களா மணிப் படத்தைத் தொட்டு அதை ஆன் பண்ணணும். அதனால அங்க வாரம் மூணு படம் போட்டாலும் யாருக்கும் தொந்தரவில்ல, ஆர்டரும் வர்றதில்ல. வாய்க்கால்ல தண்ணி வந்தது, கடலை பூத்ததுன்னு அங்க போடறேன். விலை சொல்றது லிஸ்ட்ல மட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். நீல டிக்கை மட்டும் நம்பாதீங்க, நிறையப் பேர் அதை அணைச்சு வச்சிருக்காங்க. பதில் எழுதறவங்களை எண்ணிப் பாருங்க.

புதுசா யாராவது சேந்தா முதல் மெசேஜ்லயே எழுதிடறேன்: "வாரம் ஒண்ணு, புதன் சாயங்காலம். வேண்டாம்னா 'போதும்'னு ஒரு வார்த்தை போடுங்க." இதுவரைக்கும் ஏழு பேர் போதும்னாங்க, அன்னிக்கே எடுத்துட்டேன். அதுல ரெண்டு பேர் ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்ன, "அண்ணா, பழம் இருக்குங்களா?"ன்னு அவங்களாவே கேட்டாங்க. இருந்துச்சு, குடுத்தேன். மறுபடி லிஸ்ட்ல சேக்கட்டுமான்னு கேட்டதுக்கு ஒருத்தர் சரின்னார், இன்னொருத்தர் வேண்டாம்னுட்டார்.