அம்மம்மாவுக்கு ஓர் அறிவித்தல்

ஆங்கிலத்தினின்றும் தமிழுக்கு மொழிபெயர்ப்பது எமக்குப் புதிய காரியமன்று. கல்லூரியிலே மாணவருக்கு அதனைக் கற்பிப்பதும், அவர்கள் எழுதியதைச் சிவப்பு மையினால் திருத்துவதும் எமது தொழில். ஆயினும் உள்ளங்கை அளவான ஒரு கடதாசித் துண்டு எம்மை ஒரு மாலைப்பொழுது முழுவதும் தலைகுனிய வைத்தது. அக் கதையை ஈண்டுக் கூறுகிறோம்.

எமது அம்மம்மாவுக்கு வயது 86. கரவெட்டியிலே, தாம் பிறந்த வளவிலே தனியாக வாழ்கின்றார். கண் நல்ல கண். பத்திரிகையை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பார். காதுதான் மந்தம். அவர் அணியும் காது கேட்கும் கருவி பழுதுபட்டமையால், அதனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து திருத்துவித்து, ஒரு கூரியர் நிறுவனத்தின் மூலம் அனுப்பிவைத்தோம். பொதியின்மேல் அம்மம்மாவின் பெயரையும், விலாசத்தையும், அவருடைய கைப்பேசி எண்ணையும் தெளிவாக எழுதினோம். எமது அறிவீனம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பதை அப்போது நாம் உணரவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் 11.40 மணிக்குப் பொதியைக் கொண்டு வந்தவர் படலையில் நின்று கூப்பிட்டிருக்கின்றார்; கைப்பேசியிலும் அழைத்திருக்கின்றார். காது கேட்கும் கருவியோ அவர் கையிலிருந்த பொதிக்குள். அம்மம்மா குசினியிலே இருந்தார். வந்தவர் படலையில் ஓர் அட்டையைச் செருகிவிட்டுப் போய்விட்டார். சற்று நேரத்தில் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. இரண்டும் ஆங்கிலம். அயல் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை அவற்றைப் படம் பிடித்து எமக்கு அனுப்பி, "அம்மம்மா இதென்னவெண்டு கேக்கிறா" என்று எழுதியிருந்தான். தொலைபேசியிற் பேசினால் அவருக்குக் கேளாது; எழுத்திலேதான் பதில் கொடுத்தல் வேண்டும்.

ஒரு பாடம் முடிந்து மறு பாடம் தொடங்குமுன் அவசரமாக மொழிபெயர்த்தோம். "பெறுநர் இல்லாமையால் விநியோக முயற்சி தோல்வியுற்றது. அடுத்த வேலை நாளில் மீண்டும் முயற்சிக்கப்படும். இரண்டாம் முயற்சியும் தோல்வியுறின் பொதி கிளையில் 5 வேலை நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அனுப்பியவருக்குத் திருப்பப்படும்." சொல்லுக்குச் சொல் சரி. ஒரு மாணவன் எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் கொடுத்திருப்போம். அயல் வீட்டுப் பிள்ளை அதனைப் பெரிய எழுத்திலே கொப்பித் தாளில் எழுதி அம்மம்மாவிடம் கொடுத்தான்.

மாலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. அம்மம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாராம். "நான் இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆர் மோனை அதைத் தடுத்து வைச்சிருக்கிறது?"

முதற் கேள்வியை வாசித்துச் சிரித்தோம். இரண்டாவதை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எமது மாமா ஒருவர், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டு, பதினொரு மாதங்களின் பின் வீடு திரும்பியவர். அவர் இருக்குமிடத்தை அறிவித்து வந்த கடிதத்திலே இருந்த சொல்லும் இதுவே. அம்மம்மா அக் கடிதத்தை எத்தனை முறை வாசித்திருப்பார் என்பது எமக்குத் தெரியும். ஆங்கில அட்டையில் இருந்த 'ஹெல்ட்' என்ற சொல், பொதியை எடுத்து வைத்திருக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனை ஒரு சிறைச்சாலை ஆக்கியவர் நாமே.

அட்டையிலிருந்த கருமம் யாதென அப்போதுதான் நின்று யோசித்தோம். அம்மம்மாவுக்கு வேண்டியது அட்டையின் தமிழ் வடிவமன்று. பொருள் எங்கே இருக்கிறது, எப்போது வரும், தாம் என்ன செய்தல் வேண்டும், காசு கொடுக்க வேண்டுமா என்பவையே அவர் அறியவேண்டியவை. இவற்றுட் பாதிக்கு அட்டையிலே விடை இல்லை. 'அடுத்த வேலை நாள்' என்பது எந்த நாள்? எமக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்களோ போயா தினம். ஆகவே செவ்வாய் என்று எண்ணியிருந்தோம்.

குறுஞ்செய்தியிலே, நாளை மாற்றுவதற்கு ஓர் இணைப்பை அழுத்துமாறு கூறப்பட்டிருந்தது. அதனை நாம் அழுத்தவில்லை. பொதி வந்திருப்பதாகக் கூறி, சிறு தொகை கட்டும்படி வங்கி அட்டை விபரம் கேட்கும் போலிச் செய்திகள் பலருக்கு வந்துள்ளன. தபால் திணைக்களத்தின் பெயராலும் அவை வந்தமையால் அத் திணைக்களமே மக்களை எச்சரித்தது. எனவே பொதியை ஒப்படைத்தபோது பெற்ற பற்றுச்சீட்டை எடுத்து, அதிலுள்ள பொதி இலக்கமும் அட்டையிலுள்ள இலக்கமும் ஒன்றாதலைக் கண்டபின், பற்றுச்சீட்டில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணையே அழைத்தோம்.

நெல்லியடிக் கிளையிலே பேசிய பெண் பொறுமையாகப் பதிலளித்தார். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாளாம். 'அடுத்த வேலை நாள்' என்பது மறுநாட் காலை! அதுவோ புரட்டாசிச் சனி. அம்மம்மா எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போய்விடுவார். அன்றும் படலையில் ஆளில்லை என்றால் இரண்டாம் முறையும் தவறி, பொதி கிளையிற் கிடந்து, ஈற்றிற் கொழும்புக்கே திரும்பியிருக்கும். நாளைச் செவ்வாய்க்கு மாற்றினோம். தொடர்பு எண்ணையும் மாற்றச் சொன்னார். "காது கேளாதவரின் எண்ணைக் கொடுத்தால் நாங்கள் யாருடன் பேசுவது, சேர்?" என்று அவர் கேட்டபோது எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அயல் வீட்டாரின் சம்மதத்துடன் அவர்கள் எண்ணைக் கொடுத்தோம்.

அதன்பின் எழுதிய மொழிபெயர்ப்பு இது:

"அம்மம்மா, உங்கள் காது கேட்கும் கருவி பத்திரமாக நெல்லியடியில், கூரியர்காரரின் கந்தோரில் இருக்கிறது. இன்று ஒருவர் அதைக் கொண்டு வந்தார். படலையில் அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. நாளைக்கு அவர் வரமாட்டார். நீங்கள் கோயிலுக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில் வருவார். அன்று முன் விறாந்தையில் இருங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஒரு கையொப்பம் போடவேண்டும். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அவர் வராவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் பார்த்துக்கொள்வேன்."

ஆங்கில அட்டையில் உள்ள 'முயற்சி', 'தோல்வி', 'பெறுநர்' என்பவற்றுள் ஒன்றேனும் இதில் இல்லை. அட்டையில் இல்லாத பல செய்திகள் உள்ளன. இறுதி வசனத்தைச் சேர்ப்பதா என்று சற்றுத் தயங்கினோம். கண்ணிற்பட்ட ஆங்கிலக் கடதாசிக்கெல்லாம் அஞ்சியிருக்கும் ஒருவருக்கு, தாம் செய்யவேண்டியது எங்கே முடிகிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல் எனக் கருதி அதனை நிறுத்திக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரியிலே அந்த அட்டையை உயர் வகுப்பு மாணவருக்குக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னோம். பெரும்பாலோர் 'தடுத்து வைக்கப்படும்' என்றே எழுதினர். ஒரு மாணவி மாத்திரம் 'எடுத்து வைத்திருப்பார்கள்' என்று எழுதியிருந்தாள். முன்னொருகால் அதனைப் பேச்சு வழக்கென்று சிவப்பு மையாற் கீறியிருப்போம். அன்று கீறவில்லை.

அன்று பத்தேகால் மணிக்கு எமது கைப்பேசி ஒலித்தது. அம்மம்மாவின் எண். கருவி பழுதுபட்ட நாள் தொட்டு அவர் எம்மை அழைத்ததில்லை. எடுத்ததும் அவருடைய குரல் உரத்துக் கேட்டது.

"மோனை, இப்ப கதை. கேக்குது."