'ங்க' போட்டால் போதுமா?

மொட்டை மாடித் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க அப்பா கிளம்பினார். எண்பதை நெருங்குகிறவர். மழை பெய்து படியெல்லாம் பாசி. "அப்பா, மாடிக்குப் போகாதீங்க" என்றேன். நின்று என்னைப் பார்த்தார். "நீ சொல்லித்தான் நான் போகணுமா, வரணுமா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

'ங்க' சேர்த்துத்தானே சொன்னேன் என்று எனக்கு வருத்தம். பிறகுதான் உறைத்தது. 'போகாதே' ஒருமை, 'போகாதீர்கள்' பன்மை, அதையே மரியாதைக்கும் வைத்துக்கொள்கிறோம். பேச்சில் 'போகாத', 'போகாதீங்க'. விகுதிதான் மாறுகிறது, ஏவல் அப்படியே இருக்கிறது. மகன் அப்பாவை ஏவலாமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

'போக வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. போவதற்குத் தேவை இல்லை என்று மட்டும் சொல்கிற சொல் அது. 'கூடாது' வேறு வகை. பேரன் வயது டாக்டர் "படி ஏறக் கூடாது" என்றபோது அப்பா தலையாட்டினாரே! அங்கே தடுத்தது அந்தப் பையன் இல்லை, மருத்துவம். நான் 'கூடாது' என்றிருந்தால் சண்டைதான்.

அம்மாவிடம் இந்தக் கவலையே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. "அம்மா, ஈரத்துல போகாத" என்றால் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவாள். அங்கே ஒருமை நெருக்கம். கிறிஸ்தவ நண்பர்கள் ஜெபத்தில் கடவுளை 'நீர்' என்பார்கள். "கைவிடாதேயும்" என்று கெஞ்சுவார்கள். அதுவும் எதிர்மறை ஏவல்தான். கேட்பவர் மேலே இருக்கிறார் என்று சொல்கிறவருக்குத் தெரிந்திருப்பதால் உறுத்துவதில்லை.

உறுத்துவது வேறொன்று. எங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் அவரிடம், "ஏய், கேட்டைப் பூட்டாதே" என்கிறான். அதே பையன் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் "பூட்டாதீங்க தாத்தா" என்கிறான். ஊரில் வயலில் வேலை செய்த பெரியவர்களைப் பண்ணை வீட்டுச் சிறுவர்கள் இப்படி அதட்டியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வயதைச் சாதியும் சம்பளமும் தள்ளிவிட்டு நின்ற இடம் அது. இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம்தான். அந்தப் பையனின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "சின்னப் பையன் சார்" என்றார். வயது அப்போது மட்டும் அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த மழைக்கு அப்பா செருப்பைத் தேடும்போதே, "தொட்டியப் பார்த்துட்டேன்பா, நிறைஞ்சிருச்சு" என்றேன். உட்கார்ந்துவிட்டார். அவர் பேப்பரைப் பிரித்த பிறகுதான் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.