அட்டையைத் திருப்பிப் பாருங்கள்



முதியவர் ஒருவர் தடுமாறிப் பேசத் தொடங்கினால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது நானும் அவ்வாறே சொன்னேன். நான் எவ்வளவு தவறாகச் சொன்னேன் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

என் அத்தாவுக்கு வயது 76. பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சேலையூரில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரை நோயால் பாதங்களில் உண்டான எரிச்சலுக்காக, இரவில் 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை இரண்டு ஆண்டுகளாக உட்கொண்டு வந்தார். வாய் சற்று உலர்வதாகச் சொல்வாரே தவிர, வேறு குறை இருந்ததில்லை.

மழையில் சளி பிடித்தது. மருந்துக் கடையில் "சளிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டேன். மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்து, நாளைக்கு மூன்று வேளை என்றார்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை வயது என்று நானும் சொல்லவில்லை.

முதல் நாள் நன்றாக உறங்கினார். மகிழ்ந்தோம். இரண்டாம் நாள் பகலிலும் உறங்கினார். மூன்றாம் நாள் லுஹர் தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறி, முடித்த தொழுகையை மீண்டும் மீண்டும் தொடங்கினார். ஆயுளெல்லாம் கணக்கெழுதிய மனிதர்! அன்றிரவு சுவரைப் பார்த்து, மறைந்துவிட்ட என் தாயாரோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஓதிப் பார்க்கச் சொன்னார். நான் மறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி மட்டும், "போன வெள்ளிக்கிழமை பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அதற்குள் எப்படி மறதி நோய் வரும்?" என்று கேட்டாள். மறுநாள் காலை அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. வயிறு கல்லாக இருந்தது. அதன் பிறகே மருத்துவமனைக்கு ஓடினோம்.

குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார்கள். கிருமித் தொற்று, இரத்தச் சர்க்கரை, உப்புச் சத்து ஆகியவற்றைச் சோதித்தார்கள். இவையும் திடீர்க் குழப்பத்தை உண்டாக்குமாம். எல்லாம் சரியாக இருக்கவே மருத்துவர், "ஹஜ்ரத், பெரியவர் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் கொண்டு வாருங்கள். கடையில் வாங்கியதையும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

அட்டைகளை மேசையில் பரப்பினேன். அவர் பெரிய எழுத்துப் பெயர்களைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி, ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியவை எவை என்று சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தார். சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500, ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமைன் மாலியேட் 2 மில்லிகிராம் இருந்தன. எரிச்சலுக்கான மாத்திரையில் இருந்தது அமிட்ரிப்டிலின். "இந்த இரண்டும்தான்" என்று விரலை வைத்தார்.

அவர் விளக்கியது இதுதான். நம் உடலில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் நரம்புகளிடையே தூது செல்கிறது. மூளையில் நினைவுக்கும் விழிப்புக்கும், வாயில் உமிழ்நீருக்கும், குடல் அசைவுக்கும், சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும் அதுவே வேண்டும். இவ்விரு மருந்துகளும் அதன் வேலையைத் தடுக்கின்றன. மூக்கொழுகல் நிற்பதோடு வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, பார்வை மங்குகிறது, சிறுநீர் தேங்குகிறது, அறிவு கலங்குகிறது. இளைஞனுக்கு வெறும் தூக்கமாகப் போவது முதியவரின் மூளையைக் குழப்பிவிடும். குளோர்ஃபெனிரமைனின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதுமையில் இன்னும் தாமதமாகும். மூன்று வேளை கொடுக்கும்போது நேற்றைய மருந்தின் மேல் இன்றைய மருந்து சேர்கிறது. ஒன்றைத் தாங்கிய உடல் இரண்டும் சேர்ந்தபோது தாங்கவில்லை.

இது புதிய செய்தியன்று. மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலொன்றை 1991இல் வெளியிட்டார். 2023இல் திருத்தி வெளியான அப்பட்டியலிலும் இவ்விரு மருந்துகளும் 65 வயதைக் கடந்தோர் தவிர்க்க வேண்டியவையாகவே உள்ளன. நம் சென்னையிலும் 1978இலேயே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நமக்கு அருகிலேயே வழியிருக்கிறது.

சளி மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. ஐந்தாம் நாள் அத்தா, "இன்று என்ன கிழமை?" என்று தாமே கேட்டு, நான் சொன்ன தேதியைத் திருத்தினார்! அமிட்ரிப்டிலினை மட்டும் மருத்துவர் உடனே நிறுத்தவில்லை. நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென விட்டால் குமட்டலும் உறக்கமின்மையும் வரும் என்பதால், 10 மில்லிகிராமாகக் குறைத்து, இரண்டு வாரங்களுக்குப் பின்னரே விடச் சொன்னார். "வேறு மருந்து இல்லையா?" என்றேன். "கபாபென்டின் போன்றவை உண்டு, ஆனால் அவையும் மயக்கம் தரும், சிறுநீரகம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். முதலில் மேலே தடவும் களிம்பைப் பார்ப்போம்" என்றார். எரிச்சல் முற்றிலும் போகவில்லை. தெளிவான அறிவோடு சிறிது எரிச்சலைப் பொறுப்பதே மேல் என்கிறார் அத்தா.

அட்டையில் இப்பெயர்களை அடையாளம் காண்பது கடினமன்று. குளோர்ஃபெனிரமைன் என்பது ஆங்கிலத்தில் சி, எச், எல், ஓ, ஆர் என்று தொடங்கும். 'அவில்' என்று நாம் கேட்டு வாங்கும் மாத்திரையில் இருக்கும் ஃபெனிரமைன் அதன் உடன்பிறப்பு. இருமல் மருந்துகள் சிலவற்றில் டைஃபென்ஹைட்ரமைனும், அரிப்பு மாத்திரையில் ஹைட்ராக்சிசினும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கான மாத்திரையில் ஆக்சிபியூட்டினினும் இருக்கலாம். அல்பிரசோலம், டயசிபாம் போன்ற உறக்க மாத்திரைகள் வேறு குடும்பம். ஆயினும் முதியவரைத் தள்ளாடி விழச் செய்வதில் அவையும் குறைந்தவை அல்ல. அவற்றையும் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும்.

இப்போது நான் மருந்துக் கடையில், "இது 76 வயதுப் பெரியவருக்கு. இதில் குளோர்ஃபெனிரமைன் இருக்கிறதா?" என்றே கேட்கிறேன். சளிக்கு உப்புநீர்ச் சொட்டும், காய்ச்சல் இருந்தால் தனிப் பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதுமானவை. ஒவ்வாமைத் தும்மல் என்றால் லொரட்டாடின், ஃபெக்சோஃபெனடின் ஆகியவை அவ்வளவாக மயக்கம் தராதவை; செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். மருத்துவரிடமோ, "இது இன்னும் தேவைதானா? குழப்பம் தராத வேறொன்று உண்டா? அளவைக் குறைக்கலாமா?" என்று கேட்கிறேன். எவரும் கோபித்ததில்லை.

மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். சென்ற வாரம் தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் அது முதுமையன்று. அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்து அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.