விசாகம் இரண்டு வந்த வருஷம்

வைகாசி விசாகத்தன்று வானத்தில் பூரண சந்திரன் இருக்கும் என்பது நம் வீடுகளில் யாரும் சந்தேகிக்காத விஷயம். நாமும் சந்தேகித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் நமக்கு ஒரு தேதி பார்ப்பது பெரிய வித்தையா என்ற மிதப்பு வேறு இருந்தது. அந்த மிதப்பு 2022-ஆம் வருஷம் திருச்செந்தூர்க் கடற்கரையில் கரைந்தது.

நம் தாயார் அவ்வருஷம் முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. "விசாகத்தன்னைக்கே எடுத்துரணும் ஐயா, நாளைப் பார்த்துச் சொல்லு" என்றார். காலண்டரைப் பார்த்தோம். மே மாதம் 16-ந் தேதி, வைகாசி 2. பௌர்ணமி, விசாகம் இரண்டும் ஒரே கட்டத்தில் அச்சாகியிருந்தன. இதற்கு மேல் சாட்சி எதற்கு? வண்டி அமர்த்திப் புறப்பட்டுவிட்டோம்.

கோயில் வாசலில் கூட்டம் இருந்தது. ஆனால் அது விசாகக் கூட்டம் அல்ல. சாரிசாரியாகக் கால்நடையில் வரும் பச்சை வேட்டிக்காரர்களைக் காணோம். பூக்காரி ஒருத்தி தாயாரின் குடத்தைப் பார்த்துவிட்டு, "விசாகம் அடுத்த மாசம்லா, ஆச்சி! வசந்த விழாவே இன்னும் தொடங்கலையே" என்றாள். தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குடத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கோபித்திருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பிய பிறகுதான் பஞ்சாங்கத்தை ஒழுங்காகப் புரட்டினோம். விஷயம் இதுதான். பௌர்ணமியில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரில் நிற்கிறது. வைகாசி முழுவதும் சூரியன் இருப்பது ரிஷப ராசியில். அதற்கு எதிர் ராசி விருச்சிகம். விசாகமோ நான்கு பாதங்களில் மூன்றைத் துலா ராசியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பாதத்தை மட்டும் விருச்சிகத்துக்குள் நீட்டியிருக்கிறது. ஆகவே வைகாசிப் பௌர்ணமி விசாகத்திலே நிகழ வேண்டுமானால், சூரியன் ரிஷபத்தின் முதல் பாத அளவைக் கடப்பதற்குள் நிகழ வேண்டும். அதைக் கடக்கச் சூரியனுக்கு ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகும். மாதத்தில் அந்த மூன்றரை நாள் தவறினால், விசாகம் முந்திக்கொள்ளும். பௌர்ணமி ஒரு நாளோ இரண்டு நாளோ பின்தங்கி வரும். 2025-ல் விசாகம் ஜூன் 9. பௌர்ணமி தொடங்கியதோ மறுநாள் 10-ந் தேதி. பெரும்பாலான வருஷங்களின் கதை இதுவே. நாம் பூரண சந்திரன் என்று கும்பிட்டு வந்தது அநேகமாக ஓர் ஓரம் நிறையாத சந்திரனைத்தான்!

வேடிக்கை இனிமேல்தான் இருக்கிறது. சந்திரன் ஒரு நக்ஷத்திரத்தை விட்டு மறுபடி அதே நக்ஷத்திரத்துக்கு வர இருபத்தேழு நாளும் சில மணி நேரமும் ஆகின்றன. வைகாசிக்கோ முப்பத்தொரு நாளுக்குக் குறைவில்லை. மாதப் பிறப்பை ஒட்டி விசாகம் வந்தால், மாதக் கடைசியில் அது இன்னொரு முறை தலைகாட்டும். அதாவது, நிலவும் விசாகமும் மனமொத்துச் சேருகிற அபூர்வ வருஷங்களிலேதான் விசாகம் இரண்டாகி நம்மைக் குழப்புகிறது. காலண்டரின் ஒரே கட்டத்தில் இரண்டையும் கண்டு நாம் எதைச் சாட்சி என்று நம்பினோமோ, அதுவே எச்சரிக்கை!

இரண்டு வந்தால் பின்னதைக் கொள்வது பல கோயில்களில் வழக்கம். திருச்செந்தூரிலும் 2022-ல் வைகாசி 29-ஆகிய ஜூன் 12-ந் தேதியே விசாகம் நடந்தது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2019-ல் விசாகம் வைகாசி 4-லும் வந்தது, மாதக் கடைசியிலும் வந்தது; அங்கே விழா நடந்ததோ முன்னதில், மே 18-ந் தேதி. ஆகவே மாதம் பிறந்த முதல் நான்கு நாட்களுக்குள் விசாகத்தைக் கண்டால், வண்டிக்குச் சொல்வதற்கு முன் கோயிலில் கேட்டுக்கொள்வதே புத்தி. திருச்செந்தூரில் வசந்த விழா பத்து நாள். விசாகம் பத்தாம் நாள். 2022-ல் ஜூன் 3-ந் தேதி அது தொடங்கியது. விழா தொடங்கும் நாள் தெரிந்துவிட்டால் விரலை மடக்கியே விசாகத்தைச் சொல்லிவிடலாம். பூக்காரி அப்படித்தான் சொன்னாள். நம்மைப்போல் அவள் பட்டம் வாங்கியவள் அல்ல.

ஜூன் மாதம் தாயாரால் வர முடியவில்லை. முதல் பிரயாணத்தில் வீங்கிய முழங்கால் வடியவேயில்லை. குடத்தை நாமே தலையில் ஏற்றிக்கொண்டு போனோம். சாயங்காலம், மீன்களாய்க் கிடந்த முனிகுமாரர்களுக்குச் சாப விமோசனம் அளிக்கும் வைபவம். நெரிசலில் நமக்குக் கிடைத்தது யாரோ ஒருவருடைய தோளின் தரிசனம்.

இரவு வீடு சேர்ந்து விபூதியை நீட்டினோம். தாயார் பூசிக்கொண்டு, "நிலா முழுசா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, இன்னும் இரண்டு நாள் குறை."

"இருக்கட்டும்" என்று சொல்லி, வெறுங்குடத்தை வாங்கிக் கழுவக் கொண்டுபோனார்.