காகிதத்தில் இருந்த தேதி

கல்யாணமாகி ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளி வந்துவிட்டால் போதும், "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பவர் அத்தையாக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருந்தாலும் கேள்வி பெண்ணிடம்தான் போகும். பக்கத்தில் தோசை தின்றுகொண்டிருக்கும் கணவனை யாரும் கேட்பதில்லை. செலாயாங்கிலும் அப்படித்தான், கிள்ளானிலும் அப்படித்தான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலில் பிள்ளை இல்லாத பொன்னாவை ஊரே பேசுகிறது. அவள் கணவன் காளியை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். குறை யாரிடம் என்று சோதித்துப் பார்க்க அந்தக் காலத்துக் கிராமத்தில் வழி கிடையாது. இன்று வழி இருக்கிறது. ஒரு சின்ன டப்பா, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மணி நேரம் போதும். பேச்சு மட்டும் மாறவில்லை.

நான் பல வருஷம் லேப்பில் அந்த மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவன். எனக்குத் தம்பி மாதிரி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். செலாயாங் பசார் போரோங்கில் ராத்திரி முழுக்கக் காய்கறி லோரி ஓட்டுவான். ஒருநாள் நாலாக மடித்த காகிதம் ஒன்றை லோரி டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினான். வெளியே எங்கோ ஒரு லேப்பில் யாருக்கும் தெரியாமல் எடுத்த விந்துப் பரிசோதனை அறிக்கை. அளவு 2.1 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு அணுக்கள் 60 லட்சம். முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 18.

"முடிஞ்சுதாண்ணே?" என்றான்.

முடியவில்லை என்று சொல்வதற்கு அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் அணு எண்ணிக்கைக்குக் கீழ் எல்லையாக ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்று இருக்கிறது. அறிக்கையில் அந்த எண்ணைப் பக்கத்தில் போட்டு, கீழே இருந்தால் தடித்த எழுத்தில் அச்சடித்துவிடுவார்கள். படிப்பவன் அதைத் தேர்ச்சி மதிப்பெண் என்று எடுத்துக்கொள்வான். உண்மையில் அந்த எல்லை வந்த விதம் வேறு. முயற்சி செய்து ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களை மட்டும் சேர்த்து, அவர்களுடைய எண்ணிக்கைகளை வரிசைப்படுத்தி, கடைசி ஐந்து சதவீதம் எங்கே தொடங்குகிறதோ அங்கே கோடு போட்டார்கள். அதாவது இயல்பாகத் தகப்பனான ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். எண் குறையக் குறைய வாய்ப்பு குறையும், காத்திருக்கும் காலம் நீளும். ஆனால் அணுவே இல்லை என்பதும் 60 லட்சம் என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, ஒரே அறிக்கையை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே மனிதனின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். சோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மாதிரியில் முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அதைச் சிந்திவிட்டால் எண் விழுந்துவிடும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுக்க வேண்டும். இவன் டப்பாவை ஏர்கான் போட்ட காரில் ஜாலான் ஈப்போ நெரிசலில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். அதனால் எண்ணிக்கை குறையாது, நீந்தும் கணக்கு கெடும். ஆகவே 18 என்பதை நான் முழுதாக நம்பவில்லை.

நான் கேட்ட ஒரு கேள்வி அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. "வேலை முடிஞ்சு எங்கடா போவே?" செலாயாங் வெந்நீர் ஊற்றுக்காம். மூட்டை தூக்கி இடுப்பு வலிக்கிறதென்று விடியற்காலையில் அநேகமாகத் தினமும் அந்தச் சுடுதண்ணீரில் இடுப்பளவுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அணு உற்பத்திக்கு உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். சுடுதண்ணீரில் தினமும் ஊறினால் உற்பத்தி குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் உடனே வராது. ஒரு அணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள், அதற்குமேல் அது வெளியே வந்துசேரச் சில நாள். இன்று சிகரெட்டை விட்டாலும் பலன் மூன்று மாதம் கழித்து எடுக்கும் மாதிரியில்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சலும் அதே போல இன்றைய அறிக்கையில் தெரியும்.

எல்லாம் கேட்டுத் தலையாட்டினான். "வீட்ல சொல்லிட்டியா?" என்றேன். காகிதத்தை மறுபடி நாலாக மடித்தான்.

"எப்படிண்ணே சொல்றது? சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா குடும்பத்துக்கே தெரியும்."

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. நம் உறவுக்காரர்களுக்கு அணு எண்ணிக்கையும் ஆண்மையும் ஒன்றுதான். இரண்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. வெளிவரும் விந்தில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம். அணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. ஒரு அணுவும் இல்லாதவனின் விந்தும் கண்ணுக்கு அதேபோலத்தான் இருக்கும். படுக்கையில் அவனுக்கு ஒரு குறையும் இருக்காது. இது தெரியாமல் சித்தப்பா தொங்காட் அலி காப்பி வாங்கிக் கொடுப்பார். ஜிம்மில் யாராவது ஆண் ஹார்மோன் ஊசி போடச் சொல்வார்கள். அந்த ஊசி நேர்மாறான வேலை செய்யும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், விதைக்கு "வேலை செய்" என்று மூளை அனுப்பும் உத்தரவு நின்றுவிடும், இருக்கிற அணுவும் போய்விடும். இப்படிப்பட்ட சபையில் 60 லட்சம் என்று வாய் திறக்காதவனைக் கோழை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவன் மனைவியிடமும் சொல்லவில்லை. "என்னது நார்மல்" என்று சொல்லிவிட்டான். சிக்கல் அங்கே ஆரம்பித்தது. கணவனிடம் குறை இல்லை என்றால் டாக்டர் மனைவியிடம் தேடுவார். அவளுக்கு மாத்திரை வந்தது. அடுத்து, கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. கருப்பை வாய் வழியாகக் குழாய் விட்டு மருந்துத் திரவத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். சிலருக்கு லேசான இழுப்போடு போய்விடும், சிலருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். அவளுக்கு இரண்டாவது. இரண்டு குழாயும் திறந்திருந்தன. இதற்கு நடுவில் அவளுடைய அத்தை பத்துமலையில் நேர்ந்துகொண்டார். குழந்தை பிறந்தால் தைப்பூசத்தன்று கரும்புத் தொட்டில் கட்டி 272 படியும் ஏறுவதாக வேண்டுதல். விரதம் இருந்தவள் மருமகள். கடைசியில், வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள்.

அதற்கு முந்தின இரவு அவள் பையில் கைலியும் துண்டும் அடுக்கிக்கொண்டிருந்தபோது இவன் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு இருவருமே எங்கள் வீட்டில் சொன்னதால் நடந்தது எனக்குத் தெரியும். அவள் 60 லட்சத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தின் மேல் மூலையைப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

அவன் பதில் சொல்லவில்லை.

"எனக்குக் குழாய் விட்டுப் படம் எடுத்தாங்களே, அதுக்கு முன்னாடியாங்க?"

"ஆமா."

அவள் பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குறை இருந்தா இருக்கட்டும். அன்னைக்கு அந்த மேஜைல நான் படுத்திருந்தப்ப வெளிய நாற்காலில உக்காந்திருந்தீங்களே" என்றுதான் சொன்னாளாம்.

உறவினரிடம் மறைப்பதும் மனைவியிடம் மறைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. உறவினரிடம் மறைத்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. மனைவியிடம் மறைத்தால் அந்த மௌனத்துக்கு அவள் உடம்பு விலை கொடுக்கும். குழந்தையின்மை வைத்தியத்தில் உள்ள ஒரு கசப்பான உண்மை இது: குறை கணவனிடம் இருந்தாலும் சிகிச்சையில் பெரும்பகுதி மனைவியின் உடம்பில்தான் நடக்கும். 1992-ல் பிரசல்ஸ் மருத்துவர்கள், ஒரு முட்டைக்குள் ஒரே அணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கிக் குழந்தைகள் பிறந்ததை உலகுக்கு அறிவித்தார்கள். இக்சி என்பது அதுதான். அணு மிகக் குறைந்த ஆண்களுக்கு வந்த வரம். அதற்கும் பத்து நாள் போல வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவள் அவள், மயக்கத்தில் முட்டை எடுக்கப்படுபவளும் அவள். கணவனுக்கு அதே டப்பா மட்டும்தான். யாருக்காக எதைத் தாங்குகிறோம் என்று தெரிந்து சம்மதிக்கும் உரிமை அவளுக்கு வேண்டாமா?

இரண்டாவது சோதனைக்கு அவளே கூடப் போனாள். வெந்நீர் ஊற்றும் சிகரெட்டும் நின்று மூன்று மாதமாகியிருந்தது. எண்ணிக்கை 90 லட்சம். முதல்முறையாக ஒரு டாக்டர் அவனை நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தார். இடது பக்க விதைக்கு மேல் இரத்த நாளங்கள் புடைத்திருந்தன. வெரிகோசீல் என்பார்கள். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கும். குழந்தையில்லாமல் வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கும். இரத்தம் தேங்கி அங்கே சூடு ஏறும். கைக்குத் தட்டுப்படும் அளவு புடைத்து, அணுவும் குறைந்திருந்தால் சின்ன அறுவைச் சிகிச்சை செய்வார்கள். பலருக்கு எண்ணிக்கை உயரும், எல்லோருக்கும் அல்ல. இவனுக்கு ஆறு மாதம் கழித்து 1 கோடியே 40 லட்சம். கோட்டுக்கு இன்னும் கீழேதான். இதை எழுதும் வரை குழந்தை இல்லை. இக்சி வரை போகலாமா என்று இருவரும் ஈபிஎஃப் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2020-லிருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்கு அதிலிருந்து பணம் எடுக்க முடியும்.

போன தீபாவளிக்கு அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்டாராம். அவள், "ரெண்டு பேரும் டாக்டர பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அத்தை" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை நீட்டினாளாம். எண்ணைச் சொல்லவில்லை, பழியை ஏற்கவுமில்லை. உறவுக்காரர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வருஷம் முயன்றும் பிள்ளை தங்கவில்லையென்றால், மனைவிக்கு எந்தக் குழாயும் விடுவதற்கு முன் நீங்கள் அந்த டப்பாவைக் கையில் வாங்குங்கள். அதைவிடச் சுலபமான, வலியில்லாத, செலவு குறைந்த சோதனை இந்த வைத்தியத்திலேயே கிடையாது. அறிக்கை வந்த அன்றைக்கே அவளிடம் காட்டுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.